2.85 கோடி, இன்றைய பணத்தில் 66 லட்சம்: ஸ்டெப்-அப் எஸ்ஐபி கணக்கைப் படிக்கும் முறை

ஒருவருக்கு 35 வயது. மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாகப் பணம் போடும் எஸ்ஐபியை 10,000 ரூபாயில் தொடங்குகிறார். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொகையை 8% கூட்டிக்கொண்டே போகிறார், இதுதான் ஸ்டெப்-அப். 60 வயதில் ஓய்வு, ஆக 25 ஆண்டுகள். பங்குச்சந்தை சார்ந்த ஃபண்டில் ஆண்டுக்குச் சராசரியாக 11% வரும் என்று வைத்துக்கொண்டால், கடைசியில் கையில் இருப்பது 2 கோடியே 85 லட்சம் ரூபாய். தொகையைக் கூட்டாமல் கடைசி வரை 10,000 ரூபாயே போட்டிருந்தால் 1 கோடியே 45 லட்சம்தான். விளம்பரங்களில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். ஸ்டெப்-அப் ஏதோ மந்திரம் போலத் தெரியும்.

அதே கணக்கில் விலைவாசியைச் சேர்த்தால் படம் மாறும். விலை ஆண்டுக்கு 6% ஏறினால் 25 ஆண்டுகளில் எல்லாமே 4.29 மடங்கு ஆகிவிடும். இன்று 15 ரூபாய்க்குக் குடிக்கும் டீ அன்று 64 ரூபாய். 2.85 கோடியை 4.29 ஆல் வகுத்தால் 66.5 லட்சம். அதாவது இன்று 66.5 லட்சத்தில் என்னென்ன வாங்க முடியுமோ அவ்வளவைத்தான் அன்றைய 2.85 கோடியில் வாங்க முடியும். ஓய்வுக்காலத்தைத் திட்டமிட இந்த இரண்டாவது எண்தான் உதவும். ஏனென்றால் மளிகைக்கும் மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் எவ்வளவு ஆகும் என்று நமக்குத் தெரிவது இன்றைய விலையில்தான்.

இங்கே பலர் பயந்துபோய் நின்றுவிடுகிறார்கள். 25 ஆண்டுகளில் கையிலிருந்து போட்ட மொத்தப் பணம் 87.7 லட்சம். "87 லட்சம் போட்டு 66 லட்சம் எடுப்பதா? நஷ்டம்தானே!" என்று கேட்பார்கள். இது இரண்டு வெவ்வேறு அளவுகோல்களைக் கலப்பதால் வரும் குழப்பம். 66.5 லட்சம் என்பது இன்றைய ரூபாய். 87.7 லட்சம் என்பதோ 25 வெவ்வேறு ஆண்டுகளின் ரூபாய்களை ஒரே குவியலாகக் கூட்டியது. கடைசி ஆண்டில் அவர் மாதம் 63,412 ரூபாய் போடுவார். கேட்க மலைப்பாக இருக்கிறது, ஆனால் இன்றைய மதிப்பில் அது 15,661 ரூபாய்தான். ஒவ்வோர் ஆண்டு போட்ட பணத்தையும் இப்படியே இன்றைய ரூபாய்க்கு இறக்கிக் கூட்டினால் 38 லட்சம் வருகிறது. ஆக 38 லட்சம் 66.5 லட்சமாகியிருக்கிறது. விலைவாசியைத் தாண்டி உண்மையில் வளர்ந்தது அவ்வளவுதான். பிரமாதம் இல்லை, நஷ்டமும் இல்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். விலைவாசி 6% ஏறும்போது எஸ்ஐபியையும் 6% கூட்டினால் நீங்கள் எதையும் கூட்டவில்லை, இருந்த இடத்தில் இருக்கிறீர்கள். 8% கூட்டினால் உண்மையான உயர்வு 2 சதவீதத்துக்கும் கீழே. தொகையை மாற்றாமலே விட்டால் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் சேமிப்பைக் குறைத்துக்கொண்டே போகிறீர்கள் என்று பொருள். விளம்பரம் காட்டும் ஒப்பீட்டில் மந்திரம் ஸ்டெப்-அப்பில் இல்லை. கூட்டாமல் விடுவதில்தான் ஓட்டை.

தாளில் போட்டுப் பார்ப்பது

எக்செல்லில் இருக்கும் FV சூத்திரம் ஒரே அளவான தவணைக்கு மட்டும் வேலை செய்யும், வளரும் தவணைக்கு ஆகாது. அதனால் ஆண்டுக்கு ஒரு வரியாகப் போடுவதே நல்லது. இடையில் எந்த ஆண்டிலும் கை வைத்து மாற்றலாம் என்பது கூடுதல் லாபம். H1-இல் வருமான விகிதம், H2-இல் ஆண்டு உயர்வு, H3-இல் பணவீக்கம். A-யில் ஆண்டு எண், B-யில் மாதத் தவணை, C-யில் ஆண்டுத் தொடக்க இருப்பு, D-யில் ஆண்டு முடிவு இருப்பு, E-யில் அதன் இன்றைய மதிப்பு.

```
H4: =(1+H1)^(1/12)-1
H5: =H1/H4+H1
D2: =C2*(1+$H$1)+B2*$H$5
E2: =D2/(1+$H$3)^A2
A3: =A2+1
B3: =B2*(1+$H$2)
C3: =D2
```

A2-இல் 1, B2-இல் 10000, C2-இல் 0 போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள். H5 என்பது மாதாமாதம் முதல் தேதியில் 1 ரூபாய் போட்டால் ஆண்டு முடிவில் எவ்வளவு ஆகும் என்ற எண். 11 சதவீதத்துக்கு அது 12.7036. கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு இடங்கள் போதும்: 5வது ஆண்டு முடிவில் D-யில் 9.14 லட்சம் இருக்க வேண்டும், 25வதில் 2.85 கோடி.

இணையக் கால்குலேட்டரில் இதே எண்களைக் கொடுத்தால் பெரும்பாலும் 3.07 கோடி என்று காட்டும். 21 லட்சம் எங்கிருந்து வந்தது? அவை 11 சதவீதத்தை 12 ஆல் வகுத்து மாதத்துக்கு 0.9167% என்று எடுத்துக்கொள்கின்றன. அதை மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏற்றினால் ஆண்டுக்கு 11.57% ஆகிவிடும். நீங்கள் சொன்னது 11, அது போட்டது 11.57. ஃபண்டின் கடந்தகால வளர்ச்சியாகப் பார்க்கும் எண் ஆண்டுக் கூட்டு வளர்ச்சி என்பதால், 12ஆவது மூலம் எடுக்கும் H4-தான் சரியான வழி. உங்கள் கால்குலேட்டர் எந்த ரகம் என்று பார்க்க, ஸ்டெப்-அப் இல்லாமல் மாதம் 10,000, 1 ஆண்டு, 11% என்று கொடுங்கள். 1,27,036 வந்தால் சரி. 1,27,396 வந்தால் 12 ஆல் வகுக்கிறது. ஓர் ஆண்டில் 360 ரூபாய்தான் வித்தியாசம், அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதே போன்ற சின்னப் பிழை ஒன்று பணவீக்கத்திலும் உண்டு. 11 கழித்தல் 6, ஆக உண்மை வருமானம் 5% என்று மனக்கணக்கில் போடுவது. 1.11-ஐ 1.06 ஆல் வகுத்தால் 4.72 சதவீதம்தான். ஒரே தடவையாகப் போட்ட தொகைக்கு 25 ஆண்டுகளில் இது 7% கூடுதலாகக் காட்டிவிடும். கழிக்காதீர்கள், வகுங்கள்.

வருமானத்தைவிடப் பணவீக்கம் ஏன் வலிக்கிறது

எல்லோரும் விவாதிப்பது 11 வருமா, 12 வருமா என்பதைத்தான். தாளில் H1-ஐ 9% ஆக்கிப் பாருங்கள். இன்றைய மதிப்பு 66.5 லட்சத்திலிருந்து 52 லட்சத்துக்கு இறங்கும். இப்போது அதைப் பழையபடி 11 ஆக்கிவிட்டு, H3-ஐ மட்டும் 6-லிருந்து 7 ஆக்குங்கள். 52.6 லட்சம். வருமானத்தில் 2% குறைந்ததும் பணவீக்கத்தில் 1% கூடியதும் கிட்டத்தட்ட ஒரே அடி.

காரணம், பணம் சந்தையில் தங்கியிருக்கும் காலம். முதல் மாதத் தவணை மட்டும்தான் 25 ஆண்டுகள் முழுவதும் வளர்கிறது. கடைசி ஆண்டுத் தவணைகளுக்குச் சில மாதங்கள்தான் கிடைக்கும். ஸ்டெப்-அப்பில் பெரிய தவணைகள் எல்லாம் பிற்பகுதியில் வருவதால் போட்ட பணத்தின் சராசரி வயது இன்னும் இளையது. வருமான விகிதம் அந்த வயதின் மீதுதான் வேலை செய்யும். பணவீக்கம் அப்படி இல்லை. இன்றைய விலைக்கும் 60 வயதின் விலைக்கும் நடுவில் முழு 25 ஆண்டுகள் இருக்கின்றன, கடைசி மாதம் போட்ட ரூபாய்க்கும் அதே வகுத்தல்தான். விலைவாசி வேகமாக ஏறும் காலத்தில் சம்பளமும் கொஞ்சம் வேகமாக ஏறி, அதனால் ஸ்டெப்-அப்பையும் கூட்ட முடிந்தால் இந்த அடி ஓரளவு தணியும். தானாக நடக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

அதனால் பணவீக்க எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். 2016 முதல் ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்த இலக்கு 4%, அதற்கு மேலும் கீழும் 2% வரை இடம். 4 என்று போட்டால் தாள் அழகாக இருக்கும். ஆனால் அந்த எண் நாடு முழுவதற்குமான பொருட்கூடையின் சராசரி. 60 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டுக் கூடையில் ஆஸ்பத்திரியும் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் கூடுதல் இடம் பிடிக்கும். எல்லையின் மேல்விளிம்பான 6-ஐ அடிப்படையாக எடுத்து, 7-ஐயும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என் பரிந்துரை.

66.5 லட்சம் போதுமா?

இந்தக் குடும்பத்தின் இன்றைய செலவில் ஓய்வுக்குப் பிறகும் தொடரக்கூடியது மாதம் 40,000 ரூபாய் என்று வைப்போம். பிள்ளைகளின் ஃபீஸ், வீட்டுக்கடன் இஎம்ஐ இரண்டையும் கழித்த பிறகு உள்ள எண் இது. ஆண்டுக்கு 4.8 லட்சம். 60-லிருந்து 85 வரை 25 ஆண்டுகள் ஓட வேண்டும். ஓய்வுக்குப் பிறகு பணத்தைப் பாதுகாப்பான இடங்களில் கலந்து வைத்து 8% எடுத்தால், 6% விலையேற்றம் போக உண்மை வருமானம் 1.89%. இந்த விகிதத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த ஆண்டுச் செலவை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால், முதல் ஆண்டுச் செலவைப் போல 20.16 மடங்கு பணம் 60 வயதில் இருக்க வேண்டும். 4.8 லட்சத்துக்கு அது 96.8 லட்சம், இன்றைய ரூபாயில்.

இருப்பது 66.5. அந்தப் பணம் இன்றைய மதிப்பில் மாதம் 27,500 ரூபாய் செலவைத்தான் தாங்கும். 2.85 கோடி என்று கேட்டபோது இந்தப் பற்றாக்குறை எங்கே ஒளிந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பற்றாக்குறையை அடைக்க இரண்டு வழிகள். ஒன்று, தொடக்கத் தொகையைக் கூட்டுவது. 96.8-ஐ 66.5 ஆல் வகுத்தால் 1.456, ஆக 10,000-க்குப் பதில் 14,557 ரூபாயில் தொடங்கி அதே 8% உயர்வு. இன்றைக்கே கையிலிருந்து 4,500 ரூபாய் கூடப் போக வேண்டும், வலிக்கும். இன்னொன்று, 10,000-இலேயே தொடங்கிவிட்டு உயர்வு விகிதத்தைக் கூட்டுவது. H2-ஐ 12% ஆக்கினால் 4.34 கோடி, தேவைக்குச் சற்று மேலேயே வருகிறது. இன்று ஒரு பைசா கூடப் போட வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் இரண்டாவது வழியைத்தான் பிடிப்பார்கள்.

அதன் விலையைப் பார்க்க B நெடுவரிசையில் கடைசி வரிக்குப் போக வேண்டும். மாதம் 1,51,786 ரூபாய். இவருடைய கைக்கு வரும் சம்பளம் இன்று 60,000 என்றும் அது ஆண்டுக்கு 7% ஏறும் என்றும் வைத்தால், 25வது ஆண்டில் சம்பளம் 3,04,000 ரூபாய். அதில் சரிபாதி எஸ்ஐபிக்கு! 8% உயர்விலோ பங்கு 17 சதவீதத்தில் தொடங்கி 21 சதவீதத்தில் முடிகிறது, ஒரு குடும்பத்தால் தாங்க முடிந்தது. ஸ்டெப்-அப் விகிதம் சம்பள உயர்வைத் தாண்டும்போதெல்லாம் இன்று செய்யாததை 50 வயதுக்குப் பிறகு செய்வேன் என்று எழுதிக்கொடுக்கிறோம். மகள் கல்யாணமும் அப்பா அம்மாவின் வைத்தியமும் வரிசையாக நிற்கும் வயது அது. தாளில் F நெடுவரிசை ஒன்று போட்டு, சம்பளத்தில் தவணை எத்தனை சதவீதம் என்று எழுதி வையுங்கள். 30-ஐத் தாண்டும் இடத்தில் திட்டம் கற்பனையாகிறது.

முன்னால் போட்ட பணத்தின் பலத்தை இப்படியும் பார்க்கலாம். 8% திட்டத்தில் முதல் 5 ஆண்டுகளில் போடுவது வெறும் 7 லட்சம், மொத்தத்தில் 8 சதவீதம். இறுதித் தொகையில் அது கொண்டுவருவது 26 சதவீதம். கடைசி 5 ஆண்டுகளில் போடுவது 33 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, மொத்தத்தில் 37 சதவீதம். அதன் பங்கோ 15 சதவீதம்தான். முடிந்தவரை தொடக்கத் தொகையைக் கூட்டி, உயர்வைச் சம்பள உயர்வை ஒட்டி வைப்பதே உருப்படியான வழி.

பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்குப் பற்றாக்குறையின் ஒரு பகுதி ஏற்கெனவே நிரம்பிக்கொண்டிருக்கும். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 12% பிடிப்பதால் சம்பளம் ஏற ஏற அதுவும் ஏறும், சொல்லாமலே நடக்கும் ஸ்டெப்-அப். ஆனால் அதைத் தனித் தாளில் போடுங்கள். 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25%. அதை 11 சதவீதத் தாளோடு கலந்தால் இரண்டும் கெட்டுவிடும். நிறுவனம் போடும் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போவதால், முழு 12 சதவீதத்தையும் சேமிப்பாக எண்ணிவிடக் கூடாது.

நேர்கோட்டில் வராத பணம்

தாள் ஒவ்வோர் ஆண்டும் 11% என்று போடுகிறது. சந்தை அப்படிக் கொடுப்பதில்லை. 24 ஆண்டுகள் சொன்னபடி நடந்து 2.5 கோடி சேர்ந்த நிலையில், கடைசி ஆண்டில் சந்தை 30% விழுந்தால் கையில் நிற்பது 1.81 கோடி, இன்றைய மதிப்பில் 42 லட்சம். அதே சரிவு 2வது ஆண்டில் வந்திருந்தால் இருப்பே ஓரிரு லட்சம்தான் என்பதால் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது. ஸ்டெப்-அப் திட்டத்தில் ஆரம்பகாலச் சரிவு உபகாரம், கடைசிக்காலச் சரிவு உபத்திரவம்.

இதற்காகத்தான் கடைசி 5 ஆண்டுகளில் பணத்தைப் படிப்படியாகக் கடன் பத்திர ஃபண்டுகளுக்கும் டெபாசிட்டுகளுக்கும் நகர்த்தச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதைச் செய்பவர் தாளிலும் செய்ய வேண்டும். முதல் 20 ஆண்டுகளுக்கு 11, கடைசி 5 ஆண்டுகளுக்கு 8 என்று போட்டால் இறுதித் தொகை 2.51 கோடி, இன்றைய மதிப்பில் 58.5 லட்சம். D நெடுவரிசையில் அந்த 5 வரிகளுக்கு மட்டும் வேறு விகிதமும் அதற்கேற்ற H5 எண்ணும் கொடுத்தால் போதும். பாதுகாப்புக்கு நகர்த்துவேன் என்று சொல்லிக்கொண்டே கடைசி வரை 11 போடுவது, மிக அதிகமாகக் காணும் பிழை.

வரியும் இறுதித் தொகையிலிருந்துதான் போகும். 2024 ஜூலை 23 முதல் பங்கு ஃபண்டுகளின் நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 12.5% வரி. 2.85 கோடியையும் ஒரே ஆண்டில் எடுத்தால் இதே விதிப்படி 24.5 லட்சம் போகும், செஸ்ஸும் சர்சார்ஜும் தனி. இன்றைய மதிப்பில் 5.7 லட்சம். விலைவாசி ஏறியதால் வந்த "லாபத்துக்கும்" சேர்த்துத்தான் இந்த வரி. பல ஆண்டுகளாகப் பிரித்து எடுத்தால் ஒவ்வோர் ஆண்டும் 1.25 லட்சம் விலக்கு கிடைக்கும், சுமை கொஞ்சம் குறையும்.

கடைசியாக நடைமுறைச் சங்கதி ஒன்று. ஸ்டெப்-அப்பை ஃபண்டில் டாப்-அப் எஸ்ஐபி என்ற பெயரில் பதிவு செய்யும்போது வங்கிக்குக் கொடுக்கும் ஆட்டோ-டெபிட் மேண்டேட்டில் அதிகபட்சத் தொகை என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதில் 25,000 என்று போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். 10,000 ரூபாய் 8% வீதம் வளர்ந்து 13வது ஆண்டில் 25,182 ஆகும். அந்த மாதம் தவணை திரும்பிவிடும், வங்கி அபராதமும் போடலாம். டாப்-அப்புக்கு உச்சவரம்பு கேட்கும் இடத்திலும் இதே சிக்கல்தான்: வரம்பைத் தொட்டதும் உயர்வு சத்தமில்லாமல் நின்றுவிடும், தாள் மட்டும் கூட்டிக்கொண்டே போகும். எனவே ஆண்டுக்கு ஒரு நாள், ஏப்ரலில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டில் உள்ள உண்மையான இருப்பை அந்த ஆண்டின் C கட்டத்தில் கையால் போட்டு, B-யில் உண்மையில் போகும் தவணையையும் திருத்திவிட்டு, மீதி வரிகளை மறுபடி ஓடவிடுங்கள்.